வார்த்தை இல்லாமல் வரும் எக்செல் படம்

திருத்துவதா, விளக்குவதா, சாரம் சொல்வதா? துப்பு படத்திலேயே இருக்கிறது

மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுகளில் வழக்கமாக நடப்பதுதான். கிளை அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுகிறது. எக்செல் தாளின் ஸ்கிரீன் ஷாட். கூடவே ஒரு வார்த்தை கிடையாது. அனுப்பியவர் போனையும் எடுப்பதில்லை. தப்பைத் திருத்தச் சொல்கிறாரா, ஃபார்முலாவை விளக்கச் சொல்கிறாரா, இல்லை எண்களின் சாரத்தை நாலு வரியில் கேட்கிறாரா?

இப்படி ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தில் ஐந்து கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்தின் விற்பனைக் கணக்கு. B பத்தியில் விற்பனை, C-யில் இலக்கு, D-யில் இரண்டுக்கும் உள்ள விகிதம். நாக்பூர் 4,20,000, புனே 5,10,000, நாசிக் 3,00,000, கோலாப்பூர் 2,70,000. ஆறாவது வரிசையில் புதிய கிளையான அகோலா 1,50,000. அதற்கு இன்னும் இலக்கு எழுதப்படவில்லை. அதனால் D6-ல் `#DIV/0!` என்று நிற்கிறது. அடியில், B7-ல் மொத்தம் 15,00,000.

பார்த்ததும் கண் போவது `#DIV/0!` மீதுதான். அவசரக்காரர் அதற்கு ஒரு `IFERROR` போட்டு மறைத்து, வேலை முடிந்தது என்று பதில் அனுப்பிவிடுவார். காலியாக உள்ள C6-ஆல் வகுக்கச் சொன்னதுதான் கோளாறு. இலக்கை எழுதினால் தானாகவே போய்விடும். அனுப்பியவருக்கே இது தெரிந்திருக்கலாம்.

பார்க்க வேண்டிய இடம் வேறு. படம் எடுக்கும்போது எந்தக் கட்டம் தேர்வாகியிருந்ததோ அதைச் சுற்றிப் பச்சைக் கோடு இருக்கும். அந்தக் கட்டத்தின் ஃபார்முலா மட்டும் மேலே உள்ள ஃபார்முலா பட்டையில் தெரியும். அனுப்பியவர் விரல் வைத்துக் காட்டிய இடம் என்றே அதை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் படத்தில் பச்சைக் கோடு B7-ஐச் சுற்றி இருக்கிறது. பட்டையில் இருப்பது இது:

```
=SUM(B2:B5)
```

கூட்டல் ஐந்தாவது வரிசையோடு நின்றுவிட்டது. கடைசியில் சேர்ந்த அகோலா கணக்கில் இல்லை. சரியான மொத்தம் 16,50,000. மொத்தம் ஏன் உதைக்கிறது என்று தெரியாமல் அனுப்பியவர் விழித்திருக்கிறார் என்பதே பொருத்தமான ஊகம். சாரம்தான் கேட்கிறார் என்று நினைத்து '5 கிளைகள், 15 லட்சம்' என்று எழுதியிருந்தால், அந்தத் தப்பு மேலதிகாரியின் மேசை வரை போயிருக்கும்.

`#DIV/0!` போல இந்தப் பிழை கூச்சல் போடாது என்பதுதான் தொல்லை. பேர்பெற்ற பொருளாதார நிபுணர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். ஹார்வர்டின் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010-ல் வெளியிட்ட ஆய்வின் எக்செல் தாளில், சராசரி 49-வது வரிசை வரை போகாமல் 44-லேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, கனடா உள்ளிட்ட ஐந்து நாடுகள் விடுபட்டன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் 2013-ல் இதை அம்பலப்படுத்தினார். ஆய்வில் வேறு குறைகளையும் அவர் காட்டினார். எல்லாப் பழியையும் எக்செல் மேல் போட முடியாது. ஆனால் அவர் கையில் இருந்தது வெறும் படமல்ல, ஆய்வாளர்களே கொடுத்த கோப்பு.

படத்தை வைத்து ஓரளவுதான் போக முடியும். தேர்வாகியிருப்பது A1 என்றால் அதில் துப்பு ஏதுமில்லை. தாளைத் திறந்த கையோடு படம் எடுத்திருக்கக்கூடும். கட்டங்களில் எண்களுக்குப் பதில் ஃபார்முலாக்களே வரிசையாகத் தெரிந்தால், அனுப்பியவர் `Ctrl+`` அழுத்தி வேண்டுமென்றே அவற்றைத் திறந்து காட்டியிருக்கிறார்; விளக்கம் கேட்பதற்கே வாய்ப்பு அதிகம். பட்டையை வெட்டிவிட்டு எண்களும் வரைபடமும் மட்டும் அனுப்பியிருந்தால் சாரம் கேட்கிறார் எனலாம். இடது ஓரத்தில் வரிசை எண் 4-க்குப் பிறகு 6 என்று தாவினால் நடுவில் ஒரு வரிசை மறைக்கப்பட்டிருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று படம் சொல்லாது; `SUM` மட்டும் அதையும் சேர்த்தே கூட்டிக்கொண்டிருக்கும்.

எனவே விவரம் தெரிந்த கணக்காளர் ஊகத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உழைப்பதில்லை. கண்ட பிழையைச் சொல்லி, கேள்வியையும் கூடவே அனுப்பிவிடுகிறார்: "B7-ல் அகோலா சேரவில்லை, B6 வரை நீட்டுங்கள், 16,50,000 வரும். இதைத்தான் கேட்டீர்களா? அகோலாவின் இலக்கு எவ்வளவு? படம் வேண்டாம், கோப்பையே அனுப்புங்கள்."