ஒரு கூட்டலுக்கு ஏழு துடிப்பு

பாலிடெக்னிக் ஆய்வகத்தில் 8085 கிட் தட்டியவர்களுக்கு `ADD M` பழக்கமான கட்டளை. HL பதிவேடு காட்டும் நினைவக முகவரியில் உள்ள எண்ணை எடுத்து A பதிவேட்டில் இருப்பதோடு கூட்டு என்று பொருள். A-யில் 14, முகவரி 2050-இல் 05 இருந்தால் விடை 19. நமக்கு இது ஒரே வேலை. சில்லுக்கோ ஏழு கடிகாரத் துடிப்பு. அந்த ஏழில் என்ன நடக்கிறது என்பதை 8085-இன் அண்ணனான 8080-இன் கையேடு படிப்படியாகச் சொல்கிறது.

```
M1 T1     முகவரிப் பாதை ← PC
M1 T2     PC ← PC + 1
M1 T3     IR ← நினைவகம்
M1 T4     ACT ← A
M2 T1     முகவரிப் பாதை ← HL
M2 T2-T3  TMP ← நினைவகம்
அடுத்த கட்டளையின் M1 T2:  A ← ACT + TMP
```

M1 என்பது கட்டளையை எடுத்துவரும் சுற்று, M2 எண்ணை எடுத்துவரும் சுற்று. ஒவ்வொரு வரியும் ஒரு நுண்செயல்: ஏதோ ஒரு கதவு திறக்கிறது, ஒரு மதிப்பு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. ஏழு துடிப்பு முடிந்தபோது கூட்டலின் விடை இன்னும் A-க்கு வந்து சேரவில்லை. அடுத்த கட்டளையை எடுத்துவரும் இடைவெளியில்தான் வந்து உட்காருகிறது. அந்த நேரத்தில் கூட்டும் சுற்று சும்மா இருப்பதால், அதைச் சத்தமில்லாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, எந்தத் துடிப்பில் எந்தக் கதவு திறக்க வேண்டும் என்று யார் சொல்வது? அதுதான் கட்டுப்பாட்டகத்தின் வேலை. அதைக் கட்ட இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, கம்பியிலேயே கட்டிவிடுவது, ஹார்டுவயர்டு என்பார்கள். `ADD M`-இன் எண் 86. இரும எண்ணில் `10 000 110`. முதல் இரண்டு இலக்கம் கணக்கு வேலை என்கிறது, நடு மூன்று கூட்டல் என்கிறது, கடைசி மூன்று நினைவகத்திலிருந்து என்கிறது. ஆகவே TMP-யின் கதவுக்கு இப்படி ஒரு விதி போதும்: முதலில் 10, கடைசியில் 110, இப்போது M2, இப்போது T3. நான்கும் சேர்ந்து உண்மையானால் திற. நடு மூன்று இலக்கத்தைப் பற்றி இந்தக் கதவுக்குக் கவலையே இல்லை. அதனால் கூட்டல், கழித்தல், ஒப்பிடல் என்று எட்டுக் கட்டளைகளுக்கு இந்த ஒரே கதவு உழைக்கிறது. சிக்கனம், வேகம் இரண்டும் கிடைக்கும். ஆனால் பின்னால் ஒரு கட்டளையை மட்டும் மாற்ற நினைத்தால் மற்ற ஏழும் கூடவே இழுபடும்.

இன்னொரு வழியை 1951-இல் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் முன்வைத்தார். மேலே உள்ள அந்தப் பட்டியலையே ஒரு சிறு நினைவகத்தில் எழுதி வைத்து, வரிவரியாகப் படித்துச் செய்தால் என்ன? கைப்பழக்கத்தில் சமைப்பதற்கும் குறிப்புச் சீட்டைப் பார்த்துச் சமைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதுவே மைக்ரோபுரோகிராம். 1978-இல் வந்த 8086 சில்லில் இந்தச் சீட்டு 512 வரி, ஒவ்வொன்றும் 21 பிட். எங்கிருந்து எடுப்பது, எங்கே வைப்பது, கூடவே என்ன செய்வது என்பது ஒரே வரியில் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் சீட்டைப் படிக்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் தாமதம் உண்டு.

ஐபிஎம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். சிறிய மாடல் 30, பெரிய மாடல் 75 இரண்டுக்கும் புரோகிராமர் எழுதும் கட்டளை ஒன்றே. வேகம் வேண்டிய 75-ஐக் கம்பியில் கட்டினார்கள். மலிவாக இருக்கவேண்டிய 30-க்கு மைக்ரோபுரோகிராம். அதுவும் துளையிட்ட அட்டைகளில். திருத்தம் வேண்டுமா, அட்டையை மாற்றினால் போதும்.

இன்றைய இன்டெல் சில்லுகளில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. கூட்டல் மாதிரி எளிய கட்டளைகளை வன்பொருளே உடைத்துவிடும். நீளமானவை மட்டும் சீட்டுக்குப் போகும். 1994-இல் பென்டியம் வகுத்தலில் பிழை வந்தது. தவறு சில்லில் பதித்த அட்டவணையில் இருந்ததால் சில்லையே மாற்றித் தர வேண்டியதாயிற்று. இன்டெல் அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அடுத்த ஆண்டு வந்த பென்டியம் ப்ரோவிலோ சீட்டின் சில வரிகளை வெளியிலிருந்து ஏற்றித் திருத்த வழி வைத்திருந்தார்கள். 2018-இல் ஸ்பெக்டர் ஓட்டை வெளிவந்தபோது உலகம் முழுவதும் கணினிகளுக்குப் போன திருத்தங்களில் இந்த வகையும் உண்டு. சீட்டில் எழுதியதைத்தான் இப்படித் திருத்த முடியும். கம்பியில் கட்டியதை முடியாது.

உங்களிடம் லினக்ஸ் ஓடும் இன்டெல் கணினி இருந்தால் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
grep microcode /proc/cpuinfo
```

வரும் எண் சீட்டின் பதிப்பு. ஏற்றிய திருத்தம் கணினியை அணைத்ததும் அழிந்துவிடும். ஒவ்வொரு முறை போடும்போதும் பயாஸோ இயங்குதளமோ மறுபடி ஏற்றுகிறது.