திறக்கும்படி அனுப்புங்கள்

திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்குப் பனியன் பெட்டிகள் கிளம்புகின்றன. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பெட்டிகளின் 12 படங்கள் மின்னஞ்சலில் போக வேண்டும்.

முதலில் பெயர். scan0012.pdf என்று வந்தால் வாங்குபவருக்கு எதுவும் புரியாது. ஆவண வகை, இன்வாய்ஸ் எண், தேதி என்ற வரிசையில் வையுங்கள்:

```
INV_0147_2025-03-08.pdf
PL_0147_2025-03-08.pdf
PHOTO_0147_carton05.jpg
```

ஆண்டை முதலில் எழுதினால் 08-03 மார்ச்சா, ஆகஸ்டா என்ற குழப்பம் வராது. எண்ணில் சாய்கோடு இருந்தால் சிறுகோடாக மாற்றுங்கள். விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோட்டை ஏற்காது.

இன்வாய்ஸை பிடிஎஃப் ஆக்குங்கள்; எந்தக் கணினியிலும் கட்டங்கள் கலையாது. பேக்கிங் லிஸ்ட்டை பிடிஎஃப்போடு எக்செல்லிலும் அனுப்பினால், அங்கே எடைகளை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

ஐபோன் படங்கள் பெரும்பாலும் .heic என முடியும். பல கணினிகளில் திறக்காது. ஜேபெக்காக மாற்றுங்கள்.

படம் ஒன்று 4 எம்பி என்றால் மொத்தம் 48 எம்பி. மின்னஞ்சலில் ஏறும்போது இணைப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 20 எம்பி வரம்புள்ள பெட்டிக்கு 15 எம்பிக்கு மேல் போகாது. நீளப் பக்கத்தை 1600 பிக்சலாகக் குறைத்தால் 12 படங்களும் சில எம்பிக்குள் அடங்கும். பெட்டி மேலுள்ள குறியீடு படிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தபின் அனுப்புங்கள்.