தொலைந்த காசோலையும் ஒரு கடிதமும்

காசோலை என்பது பணம் அன்று. "என் கணக்கிலிருந்து இவருக்கு இவ்வளவு பணம் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் தம் வங்கிக்கு எழுதித் தரும் கட்டளை அது. கட்டளையிட்டவரே அதைத் திரும்பப் பெறவும் முடியும். ஆனால், வங்கி பணத்தை வழங்குவதற்கு முன்பே அவ்வாறு செய்ய வேண்டும். மலேசியாவில் 1949ஆம் ஆண்டு மாற்றுச் சீட்டுச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஈப்போவில் தளவாடக் கடை நடத்தும் ஒருவர், கிள்ளானில் உள்ள மர வணிகருக்கு 1,850 ரிங்கிட் காசோலையை மார்ச் 3ஆம் நாள் அஞ்சலில் அனுப்புகிறார். ஒன்பது நாள் கழிந்தும் அது மர வணிகருக்குக் கிடைக்கவில்லை. அக்காசோலை வேறொருவர் கையில் சிக்கினால், அவர் அதிலுள்ள பெயரைத் திருத்திப் பணம் பெற முயலலாம்.

கடைக்காரர் முதலில் வங்கியைத் தொலைபேசியில் அழைத்து, அக்காசோலைக்குப் பணம் வழங்கப்பட்டுவிட்டதா என்று கேட்க வேண்டும். வழங்கப்பட்டிருந்தால், நிறுத்தக் கடிதத்தால் பயனில்லை. அப்போது புகார்தான் செய்ய வேண்டும். வழங்கப்படவில்லை என்றால், உடனே கடிதம் எழுத வேண்டும். அக்கடிதத்தின் முக்கியப் பகுதி இவ்வாறு அமையலாம்:

ஐயா,

காசோலை எண் 004217: பணம் வழங்குவதை நிறுத்தக் கோருதல்

மேற்கண்ட காசோலையை என் நடப்புக் கணக்கிலிருந்து மார்ச் 3ஆம் நாளிட்டு எழுதினேன். கணக்கு எண்ணும் பெறுநரின் பெயரும் கீழே தரப்பட்டுள்ளன. தொகை 1,850 ரிங்கிட்.

2. அஞ்சலில் அனுப்பிய இக்காசோலை பெறுநரைச் சென்றடையவில்லை. ஆகவே, இதற்குப் பணம் வழங்குவதை உடனே நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குரிய கட்டணத்தை என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

3. இக்கோரிக்கை பதிவு செய்யப்பட்டதை எழுத்து மூலம் உறுதிப்படுத்துமாறும் வேண்டுகிறேன்.

நன்றி.

இக்கண்,

இதன் கீழ், வங்கியில் பதிந்துள்ள அதே கையொப்பத்தை இட வேண்டும். கையொப்பம் மாறுபட்டால், கட்டளை கணக்கு உரிமையாளருடையதுதானா என்ற ஐயம் வங்கிக்கு எழும்.

இக்கடிதத்தில் மிகக் கவனமாக எழுத வேண்டியது காசோலை எண்ணாகும். ஒரே பெறுநருக்கு, ஒரே தொகைக்கு இரண்டு காசோலைகள் எழுதப்படலாம். ஆனால், ஒரு கணக்கில் இரண்டு காசோலைகளுக்கு ஒரே எண் இருக்காது. இங்கிலாந்தில் ஹில்டன் என்பவர் தந்தி மூலம் ஒரு காசோலையை நிறுத்தச் சொன்னார்; பெறுநரின் பெயரைச் சரியாகக் குறிப்பிட்ட அவர், எண்ணைத் தவறாகக் கொடுத்துவிட்டார். உண்மையான காசோலை வங்கிக்கு வந்தபோது, எண் வேறாக இருந்ததால், நிறுத்தப்பட்ட காசோலைக்கு மாற்றாக எழுதப்பட்டது என்று கருதி வங்கி பணத்தை வழங்கியது. ஹில்டன் வழக்குத் தொடுத்தார். 1926இல் பிரபுக்கள் சபை, வங்கியின் மீது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே, எண்ணை நினைவிலிருந்து எழுதாமல், காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்தே எழுத வேண்டும்.

அடுத்து, கடிதம் உரியவர் கையில் சேர வேண்டும். மற்றொரு இங்கிலாந்து வழக்கில், நிறுத்தச் சொன்ன தந்தி வங்கியின் அஞ்சல் பெட்டியிலேயே கவனிக்கப்படாமல் கிடந்தது. அதற்குள் பணம் வழங்கப்பட்டுவிட்டது. வங்கியின் கவனத்திற்கு வராத கட்டளை செல்லாது என்றது நீதிமன்றம். எனவே, கடைக்காரர் கடிதத்தை நேரில் கொடுத்து, அதன் நகலில் வங்கியின் முத்திரையையும் பெற்றுக்கொண்ட நாள், நேரம் ஆகியவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் சிக்கல் எழுந்தால், எப்போது தெரிவித்தார் என்பதற்கு அந்நகலே சான்று.

காசோலை நிறுத்தப்பட்டாலும் கடன் தீர்ந்துவிடாது. மர வணிகருக்கு 1,850 ரிங்கிட் இன்னும் சேர வேண்டியுள்ளது. ஆனால், வங்கியின் உறுதிக்கடிதம் வந்த பிறகே கடைக்காரர் புதிய காசோலையை எழுத வேண்டும். அவசரப்பட்டு முன்பே எழுதினால், இரண்டு காசோலைகளுக்கும் பணம் போய்விடக்கூடும். பழைய காசோலை பின்னர் கிடைத்தால் அதை வங்கியில் செலுத்தாமல் திருப்பி அனுப்பும்படி மர வணிகருக்கும் அவர் தெரிவிக்க வேண்டும்.