நடுவில் இறக்கும் நாயகன்: பிறகு எழுதுவது எப்படி?

நாவலின் நடுவில் நாயகன் திடீரென இறந்தால் நம் கை முதலில் கண்ணீரைத்தான் எழுதப் பார்க்கும். வர்ஜீனியா வுல்ஃப் 1927இல் வெளியிட்ட ‘டு த லைட்ஹவுஸ்’ நாவலில் வேறொரு வழி இருக்கிறது. முதல் பகுதி முழுக்கத் திருமதி ராம்ஸேயைச் சுற்றியே நகர்கிறது. இரண்டாம் பகுதியில் கணவர் ஒரு காலை கைகளை நீட்டுகிறார். முந்தைய இரவே அவள் இறந்துவிட்ட செய்தி அந்த வாக்கியத்துக்குள்ளேயே வந்து போகிறது, அதுவும் அடைப்புக்குறிக்குள். கைகள் வெறுமையாக நிற்கின்றன. அவ்வளவுதான்.

இதை நம் வளைகுடாக் கதைக்குக் கொண்டுவருவோம். ஷார்ஜாவில் ஓர் அறை, எட்டுப் பேர். கதையைத் தாங்கும் செல்வம் தூக்கத்தில் இறந்துவிடுகிறான் என்று வையுங்கள். சாவை ஒரே வரியில் சொல்லிவிட்டு, கதையை அறைத்தோழனிடம் கொடுங்கள். அவனுக்கு அழ நேரமில்லை. போலீஸ் அறிக்கை, மரணச் சான்றிதழ், விசா ரத்து, தூதரகத்தில் தடையில்லாச் சான்று, எம்பாமிங், கடைசியில் விமான கார்கோ என்று அலைகிறான். துக்கம் ஒத்திப்போடப்படுவதை வாசகர் உணர்வார்.

அலைச்சல் மட்டும் இருந்தால் அது வெறும் அலுவலகக் குறிப்பாகிவிடும். அதனால் செல்வம் உயிரோடிருக்கும் அத்தியாயங்களிலேயே ஒரு வழக்கத்தை ஊன்றுங்கள்: வெள்ளிக்கிழமைதோறும் அறைக்கே மீன்குழம்பு வைப்பவன் அவன். பெட்டி ஊருக்குப் போன பிறகு வரும் வெள்ளியன்று, ஒருவன் பேசாமல் பரோட்டா வாங்கி வரட்டும். அடுத்து ‘வெறுமை சூழ்ந்தது’ என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். பரோட்டாவே போதுமென்றால் அந்த வரி தேவையில்லை. போதவில்லை என்றால், மீன்குழம்பை முன்னால் சரியாக ஊன்றவில்லை என்று பொருள்.