மூன்று பேர் சொன்ன திருத்தம், எடிட்டருக்கு ஒரே பட்டியல்

ஒரு துணிக்கடைக்கு அறுபது நொடி விளம்பரப் படம் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். எடிட்டர் மூன்றாவது வெர்ஷனை அனுப்பிவிட்டார். கடை முதலாளி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார், விளம்பர மேலாளர் மின்னஞ்சல் எழுதுகிறார், வசனம் எழுதியவர் எக்செல் தாளில் போட்டுத் தருகிறார். மூவரும் நேரம் குறித்துத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அவற்றை அப்படியே எடிட்டரிடம் கொடுக்கக் கூடாது. அவர்கள் குறித்த நேரங்களே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கலாம்.

மேலாளர், “48வது நொடியில் நீலப் புடவையின் நிறம் மங்கல்” என்கிறார். ஆனால் மூன்றாவது வெர்ஷனில் 48வது நொடியில் ஓடுவது தறி. நீலப் புடவை வருவது 46இல். அவருடைய மற்ற குறிப்புகளையும் ஓட்டிப் பார்த்தால் எல்லாமே இரண்டு நொடி தள்ளி நிற்கின்றன. அவர் பார்த்தது இரண்டாவது வெர்ஷன். அதன் தொடக்கத்தில் இருந்த இரண்டு நொடி டைட்டில் பிறகு எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அவர் சொன்ன எல்லா நேரத்திலும் இரண்டு நொடியைக் கழிக்க வேண்டும். அவர் சொன்ன குறை புதிய வெர்ஷனில் ஏற்கெனவே சரியாகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். தள்ளல் ஒரே அளவாக இல்லாமல் ஒன்றில் ஒரு நொடி, இன்னொன்றில் மூன்று என்று இருந்தால், பெரும்பாலும் அவர் படத்தை நிறுத்துவதற்குள் அது ஓடியிருக்கும். அப்போது கணக்குப் போட்டுத் திருத்த முடியாது, ஒவ்வொன்றாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நேரத்தோடு அங்கே என்ன தெரிகிறது என்பதையும் பட்டியலில் எழுதச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது முரண்பாடு. “14இல் பாட்டி ஷாட் இழுவை, சீக்கிரம் வெட்டுங்க” என்கிறார் முதலாளி. “16இல் பாட்டி இன்னும் கொஞ்சம் நிற்கட்டும்” என்கிறார் வசனகர்த்தா. காகிதத்தில் இவை நேர் எதிர். படத்தை ஓட்டினால் அப்படி இல்லை. அந்த ஷாட் 00:11:05 முதல் 00:17:10 வரை ஓடுகிறது. கடைசி இரண்டு இலக்கம் ஃப்ரேம் எண். நம் தொலைக்காட்சி அளவில் நொடிக்கு 25 ஃப்ரேம். பாட்டி முதலில் வெகுநேரம் மடியிலுள்ள புடவையையே பார்க்கிறாள், 15வது நொடிக்கு மேல்தான் சிரிக்கிறாள். முதலாளிக்குச் சலித்தது முன்பகுதி, வசனகர்த்தா கேட்பது பின்பகுதி. எனவே முன்னால் 50 ஃப்ரேம் வெட்டி, பின்னால் 12 ஃப்ரேம் சேர்த்தால் இருவர் சொன்னதும் நிறைவேறும். பட்டியலில் இது ஒரே வரி. அந்த 12 ஃப்ரேம் மூலப் பதிவில் இருக்கிறதா, மேலே ஓடும் குரல் நடுவில் அறுபடுமா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

சமரசம் செய்ய முடியாத முரண்பாடும் வரும். மேலே சொன்ன திருத்தத்தில் 38 ஃப்ரேம் மிச்சம். மேலாளர் கடைசி லோகோ இரண்டு நொடிக்குப் பதில் மூன்று நொடி நிற்க வேண்டும் என்கிறார். அதற்கு 25 போய்விடும். புதிய கிளையின் முகவரியைத் தனியாக இரண்டு நொடி காட்டச் சொல்கிறார் முதலாளி. வேண்டியது 50, கையில் இருப்பது 13. படமோ அறுபது நொடியைத் தாண்டக் கூடாது. இதைப் பட்டியல் தயாரிப்பவரும் எடிட்டரும் தாங்களாகவே தீர்ப்பது தவறு என்பேன். இறுதி முடிவு யாருடையது என்று முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே அது முதலாளி. அவரிடமும் “என்ன செய்யலாம்?” என்று பொதுவாகக் கேட்டால் புதுசாக நாலு கருத்து வரும். “தறி ஷாட்டில் 37 ஃப்ரேம் குறைத்து முகவரியைத் தனியாகப் போடலாம், அல்லது லோகோவுக்குக் கீழேயே முகவரியைப் போடலாம். எது?” என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் கிடைக்கும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தால், தனியாகக் காட்டும் யோசனையைப் பட்டியலிலிருந்து அழிக்காமல் ‘கைவிடப்பட்டது, நேரம் போதாது’ என்று கீழே தனியாக வைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வெர்ஷனில் அதே கோரிக்கை மறுபடி முளைக்கும்.

இனி வரிசை. எடிட்டர் பாட்டி ஷாட்டை முதலில் குறைத்தால் அதற்குப் பின்னுள்ள எல்லாமே 38 ஃப்ரேம் முன்னால் நகர்ந்துவிடும். பட்டியலில் 00:46:00 என்று இருக்கும் நீலப் புடவை, டைம்லைனில் 00:44:12இல் நிற்கும். அதனால் பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கி அடுக்கித் தருவது நல்லது. முதலில் லோகோ, பிறகு புடவையின் நிறம், கடைசியாகப் பாட்டி. ஒவ்வொரு திருத்தமும் தனக்குப் பின்னுள்ளதை மட்டுமே நகர்த்தும், அங்கே வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். பட்டியலின் தலைப்பில் ‘நேரங்கள் அனைத்தும் மூன்றாவது வெர்ஷன்படி’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், நான்காவது வந்தபின் யாரும் பழைய எண்களை வைத்துத் தேடமாட்டார்கள்.