ஈரலுக்கு ஒரு பதம், குடலுக்கு ஒரு பதம்

கலவானப் பக்கத்துத் தோட்டங்களில் தீபாவளிக்கு ஆடு வெட்டினால் பெரும்பாலும் நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கி, லயத்துக்குப் பின்னால் வெட்டி, கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். தொடையையும் விலாவையும் சமமாகப் பங்கிடலாம். ஈரலை அப்படிப் பங்கிடுவது கடினம். 25 கிலோ நிறையுள்ள ஆட்டில் ஈரல் அரைக் கிலோ அளவில்தான் தேறும். அதனால் ஆளுக்கு நாலு துண்டு ஈரல், ஒரு கை குடல், கொஞ்சம் இரைப்பை, இதயத்தில் ஒரு சீவல் என்று எல்லாமாகச் சேர்ந்து ஒரு பொட்டலமாக வீட்டுக்குப் போகும். அங்கே அதை அப்படியே ஒரே சட்டியில் கொட்டி வேகவைப்பார்கள். தவறு நடப்பது இந்த இடத்தில்தான். குடல் வேகும்வரை காத்திருந்தால் ஈரல், பால்வெட்டுக் காட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பால் மாதிரி ஆகிவிடும். ஈரல் பதத்தில் இறக்கினால் குடலைப் பல்லால் கடிக்க முடியாது.

காரணம் இரண்டின் உள்ளமைப்பிலும் இருக்கிறது. குடலும் இரைப்பையும் நாள் முழுவதும் சுருங்கி விரியும் உறுப்புகள். அவற்றின் சுவர் தசையாலும், கொலாஜன் என்ற நார்ப்புரதத்தாலும் ஆனது. கொலாஜன் நீரும் சூடும் சேர்ந்து நீண்ட நேரம் கிடைத்தால் மட்டுமே இளகி, குழைந்த ஜெலட்டினாக மாறும். மணிக்கணக்கில் கொதித்த குடல்கறியின் குழம்பு கையில் ஒட்டுவது அதனால்தான். ஈரலில் இந்த நார் மிகக் குறைவு. மேலே ஒரு மெல்லிய சவ்வு, உள்ளே ஓடும் குழாய்களைச் சுற்றிக் கொஞ்சம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் இரத்தம் ஊறிய மென்மையான உயிரணுக்கள். இளகுவதற்கு அங்கே எதுவும் இல்லாதபோது மேலும் வேகவைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சூடு 70 பாகையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் புரதங்கள் இறுகி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். கடைசியில் வாயில் மணல் மாதிரி உதிர்கிற வறண்ட துண்டுகள்தான் மிஞ்சும். அதோடு ஒரு இரும்பு வாடையும் தூக்கலாகத் தெரியும்.

கசப்பு வேறு விஷயம். அதற்கும் அடுப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஈரலின் அடிப்புறத்தில், வலப்பக்க மடலோடு ஒட்டி, பச்சை நிறத்தில் விரல் நீளத்தில் ஒரு பை தொங்கும். அது பித்தப்பை. அதிலிருக்கும் பித்தநீரின் உப்புகள் கொடும் கசப்பானவை. ஆட்டைக் கிழித்ததும் முதல் வேலை இந்தப் பையைப் பார்த்து எடுப்பதுதான். பையின் கழுத்தை இரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரலிலேயே ஒரு மெல்லிய சீவலைச் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். ஈரலை மிச்சம் பிடிக்கப் பார்த்துப் பையை உரித்தெடுக்கப் போகிறவர்தான் பையைக் கிழிப்பார். கிழிந்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் அலசுங்கள். மேலே பட்டது பெரும்பாலும் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்தும் பச்சையாகவோ மஞ்சளாகவோ கறை தெரிந்தால் அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறிவதுதான் வழி. பாலில் ஊறவைத்தால் கசப்பு போகும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். பாலில் ஊறினால் இரத்தம் வெளியேறும், வாடை குறையும், அது உண்மை. ஈரலுக்குள் இறங்கிய பித்தத்தை எந்தப் பாலும் எடுக்காது. தேசிக்காய்ப்புளியும் எடுக்காது.

பையை எடுத்ததும் ஈரலை முழுசாகவே கழுவிவிடுங்கள். வெட்டிய பிறகு கழுவினால் சாறு தண்ணீரோடு போகும். அடுத்தது மேற்சவ்வு. ஓரத்தில் கத்தி நுனியால் ஒரு சின்னக் கீறல் போட்டு, கீழே விரலை நுழைத்து இழுத்தால் பொரித்த வேர்க்கடலைத் தோல் அளவுக்கு மெல்லியதாக உரிந்து வரும். இதை விட்டுவிட்டால் சூட்டில் சவ்வு சுருங்கித் துண்டை வளைத்துவிடும், ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் வேகாமலும் நிற்கும். நடுவில் வெள்ளையாகத் தெரியும் தடித்த குழாய்களையும் வெட்டி எடுங்கள். பித்தநாளமும் இரத்தக்குழாயும் அங்கே சேர்ந்துதான் ஓடுகின்றன. அவை எவ்வளவு வேகவைத்தாலும் நறநறக்கும். பிறகு பெருவிரல் அகலத்துக்கு ஒரே அளவாக வெட்ட வேண்டும். ஒரே அளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். சின்னதும் பெரிதுமாக இருந்தால் பெரியது வேகும்போது சின்னது கல்லாகியிருக்கும்.

இனி சமையல். அரைக் கிலோ ஈரலை எடுத்துக்கொள்வோம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மசாலா முழுவதும் வெந்த பிறகே ஈரல் சட்டிக்குள் போக வேண்டும். ஈரலோடு சேர்த்து வெங்காயத்தையும் தூளையும் வேகவிடத் தேவையான நேரம் ஈரலுக்கு இல்லை. இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஒரு கை சின்ன வெங்காயம், ஆறேழு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை எல்லாம் போட்டு வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு மேசைக்கரண்டி வறுத்த கறித்தூள், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள் சேர்த்து, சிறிது தண்ணீர் தெளித்து, பச்சை வாடை போகக் கிளறுங்கள். இப்போது விறகை உள்ளே தள்ளித் தீயை ஏற்றி ஈரலைப் போட்டு மூன்று நிமிடம் பிரட்ட வேண்டும். துண்டுகளின் சிவப்பு மறைந்து பழுப்பாகும். விறகை வெளியே இழுத்து, அரைக் கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, இன்னும் மூன்று நான்கு நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்னாடியே போட்டு வைத்தால் உப்பு ஈரலிலிருந்து நீரை இழுக்கும். அந்த நீர் சட்டியில் நிறைந்து வதங்க வேண்டியது அவியத் தொடங்கும். தேசிக்காய்ப்புளியும் இறக்கிய பிறகுதான், ஏனென்றால் புளிப்பு பச்சை ஈரலின் மேற்புறத்தை முதலிலேயே இறுக்கிவிடும்.

வெந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய துண்டு ஒன்றை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள். சிவந்த சாறு கசியக்கூடாது. அதேநேரம் உள்ளே ஈரப்பசையோடு பளபளப்பாக இருக்க வேண்டும். சாறு சிவப்பாக வந்தால் இன்னும் ஒரு நிமிடம். உணவகங்களில் உள்ளே இளஞ்சிவப்பாக வைத்துப் பரிமாறுகிற பழக்கம் வெளிநாடுகளில் உண்டு. நம் ஊர்க் காலநிலையில், குளிரூட்டி இல்லாமல் வெட்டிய ஈரலுக்கு அது வேண்டாம். கிருமிகள் ஈரலின் உட்புறத்திலும் இருக்கக்கூடும், மேலே வதக்கியதால் மட்டும் அவை சாவதில்லை. நடுப்பகுதி 70 பாகையைத் தொட வேண்டும், தொட்டதும் இறக்க வேண்டும். ஈரல் சமையலின் நெளிவுசுளிவு முழுவதும் இந்தச் சிறிய இடைவெளிதான். ஆடு வெட்டிய அன்று காலையிலேயே ஈரலைச் சமைத்து முடிக்கும் பழக்கமும் வெறும் ஆசையால் வந்ததல்ல. ஆட்டின் உடம்பில் சீக்கிரம் கெடுகிற பகுதிகளில் ஈரலும் குடலும் முன்னால் நிற்கின்றன.

குடலுக்கும் இரைப்பைக்கும் கணக்கு தலைகீழ். இரைப்பையைப் பிளந்து உள்ளிருக்கும் புல்லைக் கொட்டிக் கழுவிய பின், கருத்த உள்தோலை நீக்க வேண்டும். இதற்கு வெந்நீர் தேவை, ஆனால் கொதிநீர் கூடாது. கை வைக்க முடியாத சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுத்துக் கத்தியின் மொட்டைப் பக்கத்தாலோ கரண்டியாலோ சுரண்டினால் தோல் வழிந்து வரும். தளதளவெனக் கொதிக்கும் நீரில் போட்டால் தோல் பிடித்துக்கொள்ளும், பிறகு அரை நாள் சுரண்டினாலும் வராது. குடலை முழ நீளத்துக்கு வெட்டி, ஒரு குச்சியால் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, உப்பும் மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கசக்கி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். அடுப்பில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டால் வாடையில் பெரும்பகுதி போய்விடும். அதன்பின் சட்டியில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம், பிரஷர் குக்கரில் அரை மணிக்குக் கொஞ்சம் மேல். ஒன்று சொல்ல வேண்டும்: இந்தக் கழுவல் வேலையைப் பீலியடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். கீழ் லயத்தார் குடிக்கிற தண்ணீரும் அதுதான். வாளியில் எடுத்துப்போய்த் தள்ளிக் கழுவலாம்.

ஆக, கூறாக வந்த அந்தப் பொட்டலத்தை ஒரே கறியாக வைப்பதில் தவறில்லை, ஒரே நேரத்தில் போடுவதுதான் தவறு. பிரித்தெடுங்கள். முதலில் குடலும் இரைப்பையும். அவை நகத்தால் கிள்ளினால் அறுபடும் பதத்துக்கு வர அரை மணி இருக்கும்போது இதயச் சீவல். எல்லாம் வெந்து, தூளும் பாலும் சேர்ந்து குழம்பு இறுகிய பிறகு, இறக்க ஆறேழு நிமிடம் இருக்கையில் ஈரல். சிறுநீரகம் இருந்தால் நடுவில் உள்ள வெள்ளைப் பகுதியை வெட்டிவிட்டு ஈரலோடு போடலாம்.

ஈரலைக் கருவுற்ற பெண்களுக்கு இரத்தம் ஊறட்டும் என்று தேடிக் கொடுப்பார்கள். இரும்புச் சத்து அதில் நிறைய இருப்பது உண்மை. ஆனால் வைட்டமின் ஏயும் மிக அதிகமாக இருக்கிறது, அது அளவு மீறினால் வயிற்றிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கும். பிரித்தானிய சுகாதாரத் துறை கருவுற்றோர் ஈரலைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். அவர்களுக்கு இரும்பு மாத்திரையும் கறித்துண்டும் போதும்.

கடைசியாக, வெட்டும்போது ஈரலைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக, ஓரம் கூர்மையாக, அழுத்தினால் மீள்வதாக இருக்கும். குழாய்கள் தடித்து வெளுத்து, வெட்டினால் இலை வடிவப் புழு வெளியே வந்தால் அது ஈரல்தட்டைப்புழு. ஈர நிலத்து நத்தை வழியாக ஆட்டுக்கு வருவது. மேலே பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சை அளவுவரை நீர்க்கொப்புளங்கள் தெரிந்தால் அவை நாடாப்புழுவின் குஞ்சுகள் தங்கும் பைகள். இப்படிப்பட்ட ஈரலைக் கூறிலிருந்து விலக்குவதோடு பலர் நிறுத்திவிட்டு, நாய்க்குப் போட்டுவிடுவார்கள். மோசமான வேலை அதுதான். கொப்புளத்தைத் தின்ற நாயின் குடலில் புழு வளரும், அதன் முட்டை நாயின் மலத்தோடு முற்றத்து மண்ணுக்கு வரும். இந்தக் கொப்புளங்களில் ஒரு வகையின் முட்டை, மண்ணில் விளையாடும் பிள்ளையின் வாய்க்குப் போனால், அந்தப் பிள்ளையின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி வரும். எந்தக் கொப்புளம் அந்த வகை என்று கண்ணால் பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஆகவே கெட்ட ஈரலை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். நாய்க்குக் கொடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் அரை மணி நேரமாவது கொதிக்கவைத்துக் கொடுங்கள்.