கைபேசித் திரைக்கு மேல் இன்னொரு திரை

நாயகி கைபேசியைக் கையில் பிடித்தபடி குறுஞ்செய்தி படிக்கிறாள். நான்கு விநாடி ஷாட், அதாவது 96 ஃபிரேம்கள். எடிட்டிங் மேஜையில்தான் தெரிகிறது, திரையில் நிஜமான ஒருவரின் தொலைபேசி எண் இருப்பது. அதை மங்கலாக்கினால் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். புதிய திரையொன்றை அதன் மேல் பொருத்திவிடுவதே நல்ல வழி.

கைபேசியின் திரை தட்டையானது. அதனால் அது எப்படிச் சாய்ந்தாலும், நான்கு மூலைகளும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் போதும், முழுப் பரப்பின் சாய்வும் கிடைத்துவிடும். புதிய படத்தின் நான்கு மூலைகளையும் அந்தந்த இடத்துக்கு இழுத்து வைப்பதைத்தான் ‘கார்னர் பின்’ என்கிறார்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதுதான் டிராக்கிங்.

சிக்கல் கட்டைவிரலில் தொடங்குகிறது. அது ஒரு மூலையை மறைத்தால், மூலைப் புள்ளியை மட்டும் பின்தொடரும் முறை அங்கேயே வழி தவறிவிடும். ஆகவே ஆஃப்டர் எஃபெக்ட்ஸுடன் வரும் மோகா போன்ற மென்பொருளில், புள்ளியை விட்டுவிட்டுப் பரப்பையே பின்தொடரச் சொல்கிறோம். திரை பெரிதாகவும் நேராகவும் தெரியும் ஃபிரேமில் தொடங்கி, கைபேசியின் வெளி விளிம்பைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். திரையின் உட்பகுதியைக் கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே எழுத்துகள் மேலே நகர்ந்தால், கைபேசியே நகர்வதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும். விரலையும் தனியாகக் கோடிட்டு விலக்க வேண்டும். டிராக்கிங் சரிதானா என்று பார்க்க, புதிய படத்துக்குப் பதில் ஒரு கட்டப் படத்தைப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். கைபேசியின் விளிம்போடு ஒட்டாமல் கட்டங்கள் வழுக்கினால், அந்த இடத்தில் மூலைகளைக் கையால் திருத்த வேண்டும்.

அடுத்து, விரல் புதிய திரைக்கு முன்னால் வர வேண்டும். அதற்காக விரலின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டியெடுப்பது ரோட்டோ. நேரம் அதிகம் விழுங்குவது இதுதான். விரல் வேகமாக அசையும்போது அதன் ஓரம் கலங்கித் தெரியும். அங்கே கூர்மையாக வெட்டினால் ஒட்டுவேலை என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் ஒளி. புதிய படத்தின் கறுப்பு, ஷாட்டில் உள்ள கறுப்பைவிட அடர்த்தியாக இருந்தால் திரை தனியே துருத்தி நிற்கும். கறுப்பைச் சற்று வெளிறச் செய்து, ஷாட்டில் உள்ள அளவுக்கு மங்கலும் துகளும் சேர்க்க வேண்டும். கண்ணாடியில் விழுந்த அறை வெளிச்சமும் பழைய திரையோடு மறைந்துவிடும். அதைச் செயற்கையாகத்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். படப்பிடிப்பிலேயே திரையை அணைத்து வைத்திருந்தால் அந்தப் பிரதிபலிப்பு கறுப்பின் மேல் சுத்தமாகப் பதிவாகியிருக்கும், புதிய படத்தோடு அதை அப்படியே கலந்துவிடலாம்.

நாயகி மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தால், அதையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பழைய திரை அதில் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரிந்தால், அந்த எண் இன்னும் ஷாட்டில்தான் இருக்கிறது.